லேபிள் பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை: டிசைனருக்கு என்ன எழுதி அனுப்புவது?

"நல்லா இருக்கு தம்பி, ஆனா ஏதோ குறையுது. இன்னும் கொஞ்சம் ரிச்சா பண்ணுங்க." நம்மில் பலர் டிசைனருக்கு அனுப்பும் பதில் இதுதான். இதைப் படித்துவிட்டு அவர் என்ன செய்வார்? தங்க நிறத்தில் ஒரு பார்டர் போட்டு அனுப்புவார். நமக்கு அதுவும் பிடிக்காது.

எங்கள் 200 கிராம் இட்லிப் பொடி பாக்கெட்டுக்கு லேபிள் போட்டபோது நான் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். டிசைனரிடமிருந்து வந்த மாதிரி லேபிள் இப்படி இருந்தது: கரும்பச்சைப் பின்னணி, அதன் மேல் சிவப்பில் எங்கள் பெயர், கீழே வெள்ளைக் கோட்டில் வரைந்த உரல், வலது ஓரத்தில் எடை. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

1. போனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

வாட்ஸ்அப்பில் படமாக வந்தால் தரம் குறைந்துதான் வரும், பொடி எழுத்தெல்லாம் மங்கிவிடும். பிடிஎஃப் கேளுங்கள், அதையும் `Document` வழியாக அனுப்பச் சொல்லுங்கள். பிரின்ட் எடுக்கும்போது `Fit` என்று இருப்பதை `Actual size` என்று மாற்றிக்கொள்ளுங்கள். வந்த தாளில் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். எங்களுடையது 8 செ.மீ. அகலம், அது 8 இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

பிறகு கத்தரித்து, பொடி நிரப்பிய பாக்கெட்டின் மேல் ஒட்டுங்கள். காலி பாக்கெட் வேண்டாம். நிரப்பினால் நடுப்பகுதி உப்பி, இரண்டு ஓரமும் பின்னால் வளைந்துவிடும். திரையில் தட்டையாகப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. எங்கள் லேபிளில் எடை அப்படித்தான் பக்கவாட்டில் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

2. கண் எங்கே முதலில் போகிறது?

பாக்கெட்டை அலமாரியில் வேறு பொருட்களுக்கு நடுவில் வைத்து ஆறடி தள்ளி நில்லுங்கள். இதுவரை லேபிளைப் பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு, மூன்று எண்ணும் நேரம் காட்டிவிட்டு மறையுங்கள். "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நம் முகத்துக்காக நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா "உரல் படம்" என்றார். பெயர்? "ஏதோ சிவப்பா இருந்துச்சு." எனக்குத் தேவையான வாக்கியம் அதிலேயே கிடைத்துவிட்டது.

3. நோயைச் சொல்லுங்கள், மருந்தை அல்ல

என்னை அதிக நேரம் பிடித்து வைத்த இடம் இது. பெயர் தெரியவில்லை என்றதும் கை தானாக "பெயரைப் பெருசாக்குங்க" என்று டைப் செய்யப் போகும். கொஞ்சம் பொறுங்கள். பெருசாக்கச் சொன்னால் அவர் பெருசாக்குவார், அதற்கு இடம் வேண்டி உரலைச் சுருக்குவார், பெயர் அப்போதும் தெரியாது. ஏனென்றால் எங்கள் லேபிளில் குறை அளவில் இல்லை.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒட்டிய பாக்கெட்டைப் போனில் படம் எடுத்து, எடிட்டில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எங்கள் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகி, பெயர் பின்னணியோடு கரைந்தே போனது. உரல் மட்டும் பளிச்சென்று நின்றது. இரண்டு நிறங்கள் வேறு வேறாக இருந்தால் போதாது, ஒன்று வெளிறியும் மற்றது அடர்ந்தும் இருந்தால்தான் தூரத்திலிருந்து எழுத்து பிரிந்து தெரியும். இந்த விளக்கத்தை டிசைனருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்பினாலே அவருக்குப் புரிந்துவிடும்.

ஒவ்வொரு குறைக்கும் நான் எழுதுவது மூன்றே விஷயம்: எந்த இடம், எங்கிருந்து பார்க்கும்போது, எனக்கு என்ன ஆகிறது. 'அழகா இல்ல' என்பது மூன்றாவதில் சேராது. 'படிக்க முடியல', 'கண் வேற இடத்துக்குப் போகுது', 'மருந்து டப்பா மாதிரி தோணுது' இதெல்லாம் சேரும்.

4. குறியிட்டு அனுப்புவது

போனில் விரலால் வட்டம் போடுவது எனக்குப் பிடிக்காது, கோணல்மாணலாகி எதைக் காட்டுகிறோம் என்றே தெரியாது. பிரின்ட் எடுத்த தாளில் நீலப் பால்பாயின்ட்டில் 1, 2, 3 என்று எண் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். வாய்ஸ் நோட் கூடவே கூடாது. வேலைக்கு நடுவில் ஒரு வரிக்காக அவர் அதை மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்க வேண்டியிருக்கும்.

நான் அனுப்பிய செய்தி:

> வணக்கம் தம்பி. பாக்கெட்டில் ஒட்டிப் பார்த்தேன், படம் இணைத்திருக்கேன்.
>
> 1. ஆறடி தள்ளி நின்னா பெயர் படிக்க முடியல. கிட்ட வந்தா தெரியுது. கறுப்பு வெள்ளைப் படத்தில் மறைஞ்சே போகுது.
>
> 2. முதல்ல கண் உரலுக்குப் போகுது. முதல்ல பெயர், அப்புறம் 'இட்லிப் பொடி', அதுக்கப்புறம் உரல்னு வந்தா நல்லது.
>
> 3. பொடி நிரப்பினதும் வலது ஓரம் வளைஞ்சு, எடை முன்பக்கம் தெரியல.
>
> பச்சை நிறமும் உரலும் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அவை இருக்கட்டும். 1 கட்டாயம் வேணும், மற்றதை எப்படிச் சரி செய்யலாம்னு நீங்களே பாருங்க.

அவர் எழுத்தின் அளவைத் தொடவே இல்லை. பெயரை வெளிர் மஞ்சளாக்கினார், உரலின் வெள்ளைக் கோட்டை இளம்பச்சையாக அடக்கினார், எடையை உள்ளே தள்ளி வைத்தார். பெயர் மஞ்சளாகும் என்று நான் நினைத்திருக்கவே மாட்டேன்.

செய்தியில் அந்தக் கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். எதை மாற்றக் கூடாது என்று சொல்லாவிட்டால், பிடித்ததும் சேர்ந்து போய்விடும். ஆனால் FSSAI எண், சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், எடை, விலை இவை கண்ணை உறுத்தினாலும் எடுக்கச் சொல்ல முடியாது. அவை சட்டப்படி இருந்தாக வேண்டும். சைவக் குறியை இஷ்டத்துக்குச் சிறிதாக்கவும் முடியாது, லேபிள் பரப்பைப் பொறுத்துக் குறைந்தபட்ச அளவு உண்டு.

எழுத்துப்பிழை, விலைத் திருத்தம் ஆகியவற்றைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள். 'அந்த வரியில் ஒரு தப்பு' என்று எழுதாமல், சரியான வரியை முழுதாக டைப் செய்து கொடுங்கள், அவர் அப்படியே ஒட்டிக்கொள்வார். இதை அச்சுக்குப் போகும் முன்பே முடித்துவிட வேண்டும். கோரல்டிராவில் எழுத்தை `Convert to Curves` செய்துவிட்டால் அது வெறும் வடிவமாகிவிடும், பிறகு டைப் செய்து திருத்த முடியாது.

பின்சேர்க்கை: "கொ, கோ எல்லாம் உடைந்து தெரிகிறது, டிசைனர் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்" என்று ஒருவர் கேட்டிருந்தார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அவர் கணினியில் இருக்கும் எழுத்துரு ஃபைலோடு சேர்ந்து வராமல், உங்களிடமும் இல்லையென்றால் இப்படி நடக்கும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'எங்க பக்கம் இப்படித் தெரியுது' என்று அனுப்புங்கள். தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று: "கிரீம் கலர் கேட்டேன், மஞ்சளாக அனுப்புகிறார்" என்று எழுதியவர், போனில் இரவுநேர ஒளி அமைப்பு அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அது திரை முழுவதையும் மஞ்சளாக்கும். அணைத்த பிறகும் மஞ்சளாகவே இருந்தால், உங்களுக்குப் பிடித்த கிரீம் நிறத்தில் அச்சான ஒரு டப்பாவைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.