பேட்டிக்கு அழைக்கும் மின்னஞ்சல்: பெயரை மறைத்தால் மட்டும் போதாது

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களைப் பேட்டி எடுக்கப் போகும் மாணவர்களின் மின்னஞ்சலில் நான் அடிக்கடி திருத்தும் வரி இது: “உங்கள் அடையாளம் முற்றிலும் ரகசியமாக இருக்கும்.” நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதைக் காப்பாற்றுவது கடினம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். டேனரிக் கழிவுநீரைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி, ஓய்வு பெற்ற ஒரு மேற்பார்வையாளரிடம் பேசுகிறார். ஆய்வேட்டில் பெயர் இல்லை. “வாணியம்பாடியில் 31 ஆண்டுகள் சுத்திகரிப்பு நிலையத்தைக் கவனித்த பெண் மேற்பார்வையாளர்” என்று மட்டும் இருக்கிறது. அந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? தொழிலில் உள்ளவர் யார் படித்தாலும் ஆளைச் சொல்லிவிடுவார். அவருடைய மகன் அதே கம்பெனியில் வேலை பார்த்தால் பாதிப்பு அவனுக்கும் போகும்.

அதனால், எதை எப்படி மறைப்பீர்கள் என்பதை மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். “ஊரைப் ‘பாலாற்றங்கரை ஊர் ஒன்று’ என்றும், அனுபவத்தை ‘பல ஆண்டுகள்’ என்றும் எழுதுவேன். கம்பெனிப் பெயர் வராது. நீங்கள் சொன்னதை அப்படியே மேற்கோளாகப் போடும் இடங்களை முன்கூட்டியே உங்களுக்குக் காட்டுவேன். அப்படியும் உங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் ஊகிக்க வாய்ப்புண்டு.” இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத மாணவர்கள் தயங்குகிறார்கள், ஆள் வரமாட்டார் என்று பயம். வராமல் போகட்டும். தெரிந்து சம்மதிப்பவரிடம் பேசுவதுதான் நியாயம்.

அடுத்தது, “எப்போது வேண்டுமானாலும் விலகலாம்” என்ற வரி. ஆய்வேடு கல்லூரிக்குப் போன பிறகு அவர் பேச்சை எப்படித் திரும்ப எடுப்பீர்கள்? “பேட்டியின்போது எந்தக் கேள்வியையும் தவிர்க்கலாம், பாதியில் நிறுத்தலாம். முடிந்த பிறகு மார்ச் 15 வரை சொன்னால், நீங்கள் பேசியதை முழுதாக நீக்கிவிடுவேன்” என்று தேதியோடு எழுதுங்கள்.

பேட்டி சுமார் 45 நிமிடம், எங்கே, ஒலிப்பதிவு உண்டா என்பதெல்லாம் இரண்டு வரியில் முடியும். பதிவு வேண்டாம் என்றால் குறிப்பு மட்டும் எடுப்பேன் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பதிவை யார் கேட்பார்கள், எழுத்தாக்கிய பின் எப்போது அழிப்பீர்கள், பெயரும் புனைபெயரும் உள்ள பட்டியலை எங்கே தனியாக வைப்பீர்கள் என்பதற்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடுங்கள். வழிகாட்டும் ஆசிரியரும் கேட்பார் என்றால் அதை மறைக்கக் கூடாது.

அப்புறம், இப்போதும் வேலையில் இருப்பவர் என்றால் கம்பெனி முகவரிக்கு அனுப்பாதீர்கள், நிர்வாகம் பார்க்கக்கூடும். மேலாளர் வழியாக அழைப்பதும் அதேபோலத்தான், மறுக்க முடியாமல் தலையாட்டுவார்கள். சொந்த முகவரிக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். பத்துப் பேரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்தால், யார் யார் அழைக்கப்பட்டார்கள் என்பது பேட்டிக்கு முன்பே பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும்.