லைட் மினுக்குதா? மற்ற அறைகளையும் பாருங்க

டியூப் லைட் மினுக்கினால் உடனே புதுசு வாங்காதீங்க. அதே நேரம் மற்ற அறை விளக்குகளைப் பாருங்க. அவை நிலையாக எரிந்தால் கோளாறு பெரும்பாலும் அந்த ஃபிட்டிங்கில்தான். சுவிட்சை அணைத்து, டியூபைக் கழற்றி ஹோல்டரில் இறுக்கமாக மாட்டுங்க. சோக் வைத்த பழைய வகை என்றால் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்க. முனைகள் கருத்திருந்தால் டியூபின் ஆயுள் முடிந்தது.

மோட்டார் ஓடத் தொடங்கும்போது எல்லா விளக்கும் ஒருகணம் மங்கினால் அது வோல்டேஜ் இறக்கம்.

ஆனால் சில விளக்கு மங்க, சில விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் நியூட்ரல் வயர் லூஸாக இருக்கலாம். அப்போது வோல்டேஜ் ஏறி டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் கருகிவிடலாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.