கீழ்வீட்டைத் தொந்தரவு செய்யாமல் குளியலறையை மாற்றினேன்

எங்கள் வீடு மூன்றாம் மாடி. உடைக்கும் முன் கீழ்வீட்டு அக்காவிடம் போய், எப்போது சத்தம் கேட்டால் பரவாயில்லை என்று கேட்டேன். “குழந்தை 11 மணிக்குத் தூங்கும், 2 வரை மட்டும் விட்டுடுங்க” என்றார். அவர்கள் குளியலறைக் கூரையையும் அன்றே படம் எடுத்துக்கொண்டேன். பழைய கறை எது, புதியது எது என்று பின்னால் சண்டை வராது.

மேஸ்திரி முதலில் தரையை உடைத்து, ஒரு வாரம் கழித்து பைப்புக்குச் சுவர் வெட்டலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. குழாய், ஷவர் இடங்களை முன்பே குறித்து, உடைப்பதையும் வெட்டுவதையும் இரண்டே நாளில் முடிக்கச் சொன்னேன். சிறிய இயந்திரத்தில் தட்டையான உளியைச் சாய்த்துப் பிடித்து, ஓடுகளை ஓரத்திலிருந்து நெம்பினால் அதிர்வு குறைவு. நேராகக் குத்தினால் கான்கிரீட் வழியே கீழே இடி போல இறங்கும். வடிகால் வாயைத் துணியால் அடைத்திருந்தோம், இல்லாவிட்டால் ஓட்டுத்துண்டு பொதுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் பைப், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து, இரண்டு விரல் உயரம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். மறுநாள் மட்டம் நன்றாக இறங்கியிருந்தது; கீழே கூரையில் வடிகாலைச் சுற்றி ஈரம். உடனே தண்ணீரை இறைத்து, குழாயும் தரையும் சேரும் இடத்தை மறுபடி பூசினோம். இரண்டாம் சோதனையில் 24 மணி நேரமும் மட்டம் நின்றது. ஓடு ஒட்டியது அதற்குப் பிறகுதான்.