வேலைய விட்டுப் போறவரோட ஹேண்டோவர் நோட்டை இப்படி செக் பண்ணுங்க

அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் ரிசைன் பண்ணிட்டு நோட் குடுத்தா, அதை மட்டும் படிச்சுட்டு ஓகே சொல்லிடாதீங்க. அவரோட சென்ட் மெயிலை ஒரு வருஷத்துக்கு மாசவாரியா புரட்டுங்க, திரும்பத் திரும்ப போயிருக்கிற மெயில் ஒவ்வொண்ணும் ஒரு வேலை, அது நோட்ல இருக்கான்னு டிக் பண்ணிட்டே வாங்க, விட்டுப்போனது அங்கதான் மாட்டும்.

"ஜிஎஸ்டி, டிடிஎஸ் மாசாமாசம்"னு எழுதியிருந்தா பத்தாது, தேதி கேளுங்க. டிடிஎஸ் கட்ட அடுத்த மாசம் 7ஆம் தேதி, மாசாமாசம் பைல் பண்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதி, பிஎஃப் கட்ட 15ஆம் தேதி. வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதுதான் ரொம்ப ஒளிஞ்சிருக்கும், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் எப்ப எக்ஸ்பைரி ஆகுதுன்னு யாரும் எழுதவே மாட்டாங்க.

"ஆடிட்டர் ஆபீஸ்ல பேசிக்கலாம்"னு இருந்தா யார்கிட்ட, எந்த நம்பர்னு கேட்டு, அவர் இருக்கும்போதே ஒரு கால் போட்டு அறிமுகம் பண்ணிக்கோங்க.

முக்கியமா, ஒவ்வொரு போர்ட்டல்லயும் அவரை பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்களே லாகின் பண்ணுங்க. ஓடிபி அவரோட சொந்த மொபைலுக்குப் போச்சுன்னா, கடைசி நாளுக்கு முன்னாடியே நம்பரை மாத்திடுங்க, இல்லேன்னா அப்புறம் 20ஆம் தேதி ராத்திரி அவருக்கு போன் போட்டு ஓடிபி கேட்டுட்டு நிக்கணும்.