ராஜினாமா செய்யும் முன் பார்க்க வேண்டிய தேதிகள்

ராஜினாமாவை அனுப்பிவிட்டு, அதன்பிறகு ஸ்டாக் ஆப்ஷன், அதாவது நிறுவனத்தின் பங்கை முன்பே குறித்த விலையில் வாங்கும் உரிமை, பற்றிய ஒப்பந்தத்தைத் தேடி எடுப்பவர்கள்தான் அதிகம். அதற்குள் மாற்ற முடியாத ஒரு தேதியை அவர்களே எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

ஒருவருக்கு 2023 மார்ச் 1 அன்று 4,800 ஆப்ஷன்கள் தரப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் 1,200, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 300 வீதம் அவருக்கு உரியதாகும். இதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். 2025 மார்ச் 1 வரை 2,400 சேர்ந்துவிட்டது. அடுத்த 300 ஜூன் 1 அன்று வர வேண்டும். அவர் ஏப்ரல் 5 அன்று ராஜினாமா செய்கிறார். நோட்டீஸ் 60 நாள், கடைசி நாள் ஜூன் 4. அந்த 300-ம் கைக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

கணக்கு இரண்டு இடங்களில் உதைக்கலாம். சில திட்டங்களில் ராஜினாமா கொடுத்த நாளிலேயே வெஸ்டிங் நின்றுவிடும். வேறு சிலவற்றில் வேலையின் கடைசி நாள்வரை நடக்கும். ஆனால் மிச்ச நோட்டீஸுக்குச் சம்பளத்தைக் கொடுத்து, நிறுவனம் மே 15 அன்றே அவரை விடுவித்துவிட்டால் ஜூன் 1 வருவதற்குள் அவர் ஊழியரே இல்லை. வெஸ்டாகாதவை பொதுவாக அத்துடன் காலாவதியாகும். வெஸ்டானவற்றுக்கும் கெடு உண்டு: பணம் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ளப் பல திட்டங்கள் விலகிய நாளிலிருந்து 90 நாள்தான் தருகின்றன.

போனஸில் இன்னொரு கண்ணி. மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கான தொகை ஜூன் 30 அன்று வழங்கப்படுகிறது. "வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும், நோட்டீஸில் இருக்கக் கூடாது" என்று ஒப்பந்தம் சொன்னால், ஆண்டு முழுக்க உழைத்தது மட்டும் போதாது. பணம் வந்தபிறகு ராஜினாமா கொடுப்பதே இங்கே புத்திசாலித்தனம். விற்பனைக் கமிஷன் போல ஏற்கெனவே ஈட்டிய தொகைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கலாம். அதை இதோடு குழப்பக் கூடாது.

"பார்த்துக்கொள்ளலாம்" என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இருந்துவிடுவது அடுத்த தவறு. திட்ட ஆவணத்தை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்கு இல்லை. ராஜினாமா கடிதத்தில் பேரமும் வேண்டாம். அது இரண்டு வரியில் முடியட்டும். தனி மின்னஞ்சல் மனிதவளத் துறைக்குப் போகட்டும்:

"ஏப்ரல் 5 அன்று ராஜினாமா அளித்தேன். என் கடைசிப் பணி நாள், அன்றுவரை வெஸ்டாகும் ஆப்ஷன்களின் எண்ணிக்கை, அவற்றை வாங்குவதற்கான இறுதித் தேதி, கடந்த ஆண்டு போனஸின் நிலை ஆகியவற்றை, பொருந்தும் ஒப்பந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் உறுதிசெய்யுங்கள். ஜூன் 1 வெஸ்டிங்குக்கு முன்பே என்னை விடுவிப்பதாக இருந்தால், அந்த 300 ஆப்ஷன்களை அனுமதிக்கக் கோருகிறேன்."

கடைசி வரி கோரிக்கைதான், உரிமை அல்ல, மறுக்கலாம். ஆனாலும் கேட்காமல் யாரும் தருவதில்லை. ஒப்பந்தங்களின் நகல் அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால், கணக்கு முடக்கப்பட்ட மறுநாள் கையில் எதுவும் இருக்காது. உங்களுக்குத் தரப்பட்ட பிரதிகளை முன்பே பத்திரப்படுத்துங்கள். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற இறுதித் தீர்வுப் படிவத்தில், இந்த மின்னஞ்சலுக்குப் பதில் வரும்வரை கையெழுத்திடாதீர்கள்.