இமை கறுக்கிறது என்று க்ளாக்கோமா சொட்டை நிறுத்துகிறவர்களுக்கு

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு அக்காவுக்கு இடது கண்ணில் மட்டும் க்ளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய். கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கும்; அவருக்கு 26. தினமும் இரவு ஒரு சொட்டு லட்டானோபிராஸ்ட் விடச் சொன்னார்கள். அடுத்த பரிசோதனையில் 18க்கு இறங்கியிருந்தது. மருந்து நன்றாகவே வேலை செய்தது.

சில மாதம் போனதும் இடது இமை கறுக்க ஆரம்பித்தது. அந்தக் கண்ணின் இமைமுடி மட்டும் நீளமாக, அடர்த்தியாக வளர்ந்தது. பாசிக்குப் போகும் இடத்தில் ஒருத்தி கேட்டேவிட்டாள்: "என்னக்கா, ஒரு கண்ணு மட்டும் கறுத்துக் கெடக்கு, அண்ணன் கைய நீட்டிட்டாகளா?" அன்றோடு சொட்டு நின்றது. வீட்டிலும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை.

இந்த நோயில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். லட்டானோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட், பைமாடோபிராஸ்ட் மூன்றும் ஒரே குடும்பத்து மருந்துகள். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிந்து வெளியேற வழியை இவை இளக்கிவிடுகின்றன, அதனால் அழுத்தம் இறங்குகிறது. அதே மருந்து இமைத்தோலில் படும்போது அங்கே நிறமி கூடுதலாகச் சுரக்கிறது. முடியின் வேரில் படும்போது முடி வளரும் காலம் நீள்கிறது. பைமாடோபிராஸ்ட்டை இமைமுடி வளர்க்கவே அழகுசாதன மருந்தாக விற்கிறார்கள் என்று சொன்னால் நம்மூர் ஆட்கள் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. நோய் முற்றுவதால் இமை கறுப்பதில்லை. கண் கெட்டுப்போவதன் அறிகுறியும் இல்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கறுத்த இமையும் வளர்ந்த முடியும் பழையபடி ஆகப் பல மாதம் பிடிக்கும். கண் அழுத்தமோ சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும். ஆக, கண்ணாடியில் இமை வெளுப்பதைப் பார்த்து அந்த அக்கா சந்தோஷப்பட்ட மாதங்கள் முழுக்க, உள்ளே அழுத்தம் ஏறியபடியே இருந்தது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. மறுபடி வந்தபோது 25. பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தால் இடது கண்ணில் மூக்குப் பக்கத்துப் பார்வையில் ஒரு துண்டு போயிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் அந்த இடத்தை வலது கண் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கண்ணைக் கையால் பொத்தச் சொல்லி, நேரே பார்க்கவைத்து, பக்கவாட்டில் விரலை ஆட்டிக் காட்டிய பிறகுதான் நம்பினார். இமை வெளுக்கும்; அழுத்தத்தில் நசிந்த பார்வை நரம்பு திரும்ப வளராது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாதிரி ஆயுசு முழுக்க விடச் சொல்வது இதனால்தான். சொட்டு நோயைக் குணமாக்குவதில்லை, விடுகிற நாட்களில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் முன்னால் ஒரு தடவை விட்டுக் காட்டச் சொன்னோம். அண்ணாந்து, மூன்று சொட்டு விட்டார். இரண்டு கன்னத்தில் வழிந்தது. "காசு போட்டு வாங்குன மருந்து, வீணாகக் கூடாதுல்ல" என்று வழிந்ததை விரலால் எடுத்து இமை முழுக்கத் தடவினார். இமை ஏன் அவ்வளவு கறுத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கண்ணுக்குள் ஒரு சொட்டுக்கு மேல் நிற்க இடமே கிடையாது. கீழிமையை இழுத்து உண்டாகும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு, பாட்டில் நுனி கண்ணிலோ முடியிலோ படாமல். உடனே கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே வழிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, பிறகு இமையையும் கன்னத்தையும் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். சொட்டு விட்டுவிட்டு அப்படியே படுப்பவர்களுக்கு இமை சீக்கிரம் கறுக்கும். மிச்சம் பிடிப்பதிலும் பயனில்லை: திறந்த பாட்டிலை லேபிளில் சொல்லியிருக்கும் நான்கு அல்லது ஆறு வாரத்துக்குள் எறிந்துவிட வேண்டியதுதான்.

மறந்த சொட்டையும் சேர்த்து விடுவது இன்னொரு வழக்கம். நேற்று மறந்துபோச்சு, இன்று காலையும் இரவும் விடுவோம் என்பார்கள். இந்த மருந்தை ஒரு நாளில் இரண்டு முறை விட்டால் அதன் பலன் கூடுவதற்குப் பதில் குறையலாம். மறந்தால் மறந்ததுதான், அடுத்த வேளைக்கு வழக்கம்போல ஒரு சொட்டு. இரவில் கடலில் இருப்பவர்கள் படகு ஏறுவதற்கு முன் சாயங்காலமே விட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். தினமும் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம். படகில் மீனுக்கு வைக்கும் ஐஸுக்குள் பாட்டிலைப் புதைக்க வேண்டாம், மருந்து உறையக்கூடாது. இந்த வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியும் நல்ல இடமில்லை. சில கம்பெனி பாட்டில்களைத் திறக்கும்வரை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். வாங்கும்போதே அட்டையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

செக்கப்புக்கு நாலு நாள் முன்பு மட்டும் ஒழுங்காக விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. அன்றைக்கு அழுத்தம் 17 என்று அழகாகக் காட்டும். ஃபீல்டு டெஸ்ட் மட்டும் ஒவ்வொரு தடவையும் மோசமாகும். டாக்டர் என்ன நினைப்பார்? மருந்து போதவில்லை என்று இரண்டாவது பாட்டில் எழுதுவார், அல்லது ஆபரேஷன் பேச்சை எடுப்பார். "மாசத்துல பாதி நாள் விடலீங்க" என்று சொல்லிவிட்டால் அந்த இரண்டுமே தேவைப்படாமல் போகலாம். திட்டுவார்கள், திட்டட்டும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இமைக் கறுப்புக்குப் போடும் க்ரீம். மெடிக்கல் ஷாப்பில் கரும்படைக்கு என்று கேட்டு வாங்கும் ட்யூப்கள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் மாதிரியான ஸ்டீராய்டு இருக்கிறது. அதை இமையில் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தமே ஏறலாம். அழுத்தம் குறைக்க விட்ட சொட்டால் வந்த கறுப்புக்கு, அழுத்தத்தை ஏற்றும் க்ரீமைப் பூசுவது! கண் சிவப்புக்கு என்று கடையில் தானாக வாங்கும் சொட்டிலும் இதே ஆபத்து உண்டு. ஆரம்ப வாரங்களில் லேசான சிவப்பு க்ளாக்கோமா சொட்டுக்குச் சகஜம். இமை வீங்கி, அரித்து, தோல் உரிந்தால் அது அலர்ஜி. வளர்ந்த முடி உள்பக்கம் திரும்பிக் கருவிழியில் குத்தினாலும், வலியோடு சிவந்தாலும், பார்வை மங்கினாலும் உடனே போய்க் காட்ட வேண்டும்.

சிலருக்கு மேலிமைக்கு மேலே குழி விழுந்து கண் உள்ளே போன மாதிரியும் ஆகும். ஒரு கண்ணுக்கு மட்டும் மருந்து விடும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும், அதுவும் கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்கு என்றால் அந்தச் சங்கடத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் மாற்று வழி உண்டு. டிமொலால் சொட்டு இமையைக் கறுக்கவைக்காது, ஆனால் ஆஸ்துமா, இழுப்பு, நாடித்துடிப்புக் குறைவு உள்ளவர்களுக்கு ஆகாது, ஆகவே அவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு லேசர் சிகிச்சையால் சொட்டே இல்லாமல் சில ஆண்டுகள் ஓட்ட முடியும்; அதன் பலன் காலப்போக்கில் குறையும் என்பதால் அழுத்தத்தை அளந்து பார்ப்பதை நிறுத்தக் கூடாது. எந்த மாற்றமாக இருந்தாலும், டாக்டர் புது மருந்து கொடுக்கும்வரை பழைய சொட்டை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.