பட்டைகளை அடுக்குவதா, அருகருகே நிறுத்துவதா?

பார் சார்ட்டில் பட்டைகளை அடுக்கினால் மொத்த உயரமும் அடித்துண்டும்தான் ஒரே கோட்டிலிருந்து தொடங்கும்; நடுத்துண்டுகள் அந்தரத்தில் நிற்கும். உதாரணமாக, ஒரு கடையின் விற்பனையில் கிளைக்கொரு பட்டை, பொருள் வகைக்கொரு துண்டு. ஒரு கிளையில் அடித்துண்டு 20, நடுத்துண்டு 34. இன்னொரு கிளையில் 45, 30. நடுத்துண்டு முதலாவதில் 20 முதல் 54 வரை, இரண்டாவதில் 45 முதல் 75 வரை. மேலே நிற்பதால் 30-ஐப் பெரிதென்று கண் எடுத்துக்கொள்ளக்கூடும்.

அதே இரண்டையும் பூஜ்யத்திலிருந்து அருகருகே நிறுத்துங்கள். 34 பெரிது என்பது பார்த்தவுடனே தெரியும். இங்கே பலர் தவறுவது ஒன்று: கிளைவாரியாகத் தொகுத்தால் ஒப்பிட வேண்டிய பட்டைகள் விலகிப் போகும். வகைவாரியாகத் தொகுங்கள்.

மொத்தம்தான் முக்கியம் என்றால் அடுக்குவதே சரி. கூடவே ஒரே ஒரு வகையையும் காட்ட வேண்டுமா? அதை அடித்துண்டாக வைத்துவிடுங்கள். கிளைகள் ஆறேழுக்கு மேல் போனால் வகைக்கொரு சிறு சார்ட்டாகப் பிரித்துவிடுவேன்.